மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த தாள், மாமாவுக்காக நம் பேச்சில்

மாமா, மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாய் மடித்து வைத்திருந்த தாளை அத்தை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார்கள். பக்கத்து வீட்டுத் தம்பி அதை வாசித்துவிட்டு "உயிருக்கு ஆபத்துன்னு போட்டிருக்கு" என்று சொன்னதிலிருந்து மூன்று நாளாக நீங்கள் மாத்திரையைத் தொடவில்லையாம். அவன் பொய் சொல்லவில்லை, அந்த வரி தாளில் இருக்கிறது. ஆனால் அது எத்தனை பேருக்கு வரும், எப்படித் தொடங்கும், வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதும் அதே தாளில்தான் இருக்கிறது, அதுவரைக்கும் அவன் போகவில்லை. அதனால் பக்க விளைவு என்று போட்டிருக்கும் பகுதியை முழுக்க நான் எழுதியிருக்கிறேன். பயமுறுத்துகிறதே என்று எதையும் விடவில்லை. அத்தை வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள், ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் கேட்க வேண்டாம்.

உங்கள் மாத்திரை சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், 500 மில்லிகிராம். டாக்டர் எழுதியது காலையும் ராத்திரியும் சாப்பாட்டுக்குப் பின் ஒவ்வொன்று.

தாளில் முதலில் இருப்பது அந்தப் பெரிய எச்சரிக்கைதான். அதன் பெயர் லாக்டிக் அசிடோசிஸ். மிக அரிது என்று போட்டிருக்கிறார்கள். தாளின் கணக்கில் மிக அரிது என்றால், 10,000 பேர் இதைச் சாப்பிட்டால் அதில் ஒருவருக்கும் குறைவாக. ஒரு திருவிழாக் கூட்டமே சாப்பிட்டாலும் ஒருவருக்கு வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். ஆனால் வந்தால் விளையாட்டில்லை, நினைவு தப்பிப் போகும், உயிரும் போகலாம். அதனால்தான் அதை முதலில் போட்டிருக்கிறார்கள்.

நடப்பது இதுதான். இந்த மாத்திரை உடம்பை விட்டு வெளியேறுவது சிறுநீரகம் வழியாக. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் மருந்து உள்ளேயே தேங்கும், அதோடு இரத்தத்தில் ஒரு வகை அமிலமும் ஏறும். அறிகுறிகள்: வாந்தி, வயிற்று வலி, தசைப் பிடிப்பு, தாங்க முடியாத அசதியோடு "உடம்பே சரியில்லை" என்ற ஒரு உணர்வு, மூச்சு விடச் சிரமம், உடம்பு சில்லிட்டுப் போவது, இதயத் துடிப்பு மெதுவாவது. இவை வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விடியட்டும் பார்க்கலாம் என்பது இதற்கு இல்லை. கரையில் இருந்தால் 108. கடலில் இருந்தால் வலை போனால் போகிறது, வல்லத்தைத் திருப்புங்கள், முடியவில்லை என்றால் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்கு அடிக்கச் சொல்லுங்கள்.

இங்கேதான் எனக்கு ஒரு கவலை. தசைப் பிடிப்பு, அசதி, கொஞ்சம் குமட்டல் என்றெல்லாம் தாளில் படிக்கும்போது, ராத்திரி முழுக்க வலை இழுத்துவிட்டு வந்து திண்ணையில் சாய்கிறபோது உங்களுக்கு இருப்பதும் இதுதானே என்று தோன்றும். அதனால் ஒன்று, ஒவ்வொரு அசதிக்கும் பயந்து மாத்திரையை நிறுத்துவீர்கள், இல்லையென்றால் உண்மையிலேயே வரும்போது "வேலை அலுப்பு" என்று படுத்துவிடுவீர்கள். வேலை அலுப்பு கஞ்சி குடித்து நாலு மணி நேரம் தூங்கினால் இறங்கும். இது இறங்காது, ஏறிக்கொண்டே போகும், ஒன்றோடு ஒன்று சேர்ந்து வரும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் அதை அலுப்புக் கணக்கில் எழுதாதீர்கள். சந்தேகமாக இருந்தாலும் போய்க் காட்டிவிடுவது மேல், வீணாகப் போனால் ஆட்டோக் காசுதான்.

இது யாருக்கு வர வாய்ப்பு அதிகம் என்பதும் தாளில் இருக்கிறது. சிறுநீரகம் பழுதானவர்கள், சர்க்கரை ரொம்ப நாளாகக் கட்டுப்படாமல் இருப்பவர்கள், பெரிய காய்ச்சல், கடும் தொற்று உள்ளவர்கள், கல்லீரல் கெட்டவர்கள், இதயக் கோளாறு திடீரென்று மோசமானவர்கள், நீண்ட பட்டினி கிடப்பவர்கள், அளவுக்கு மீறிக் குடிப்பவர்கள், உடம்பில் தண்ணீர் வற்றியவர்கள். கடைசி மூன்றையும் அத்தை இரண்டு தடவை வாசிக்கட்டும். தவக்காலத்தில் ஒருசந்தி இருக்கிறேன் என்று நீங்களாக முடிவு செய்யாமல் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு இருங்கள். கரை பிடித்த அன்று ராத்திரி கூட்டாளிகளோடு உட்காருவது எனக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம்.

தண்ணீர் வற்றுவது பற்றித் தாள் தெளிவாகவே சொல்கிறது. கடும் வாந்தி, பேதி, காய்ச்சல், வெயிலில் கிடந்தது, வழக்கத்தைவிடக் குறைவாகத் தண்ணீர் குடித்தது, இப்படி எதிலாவது உடம்பு வற்றிப்போனால் மாத்திரையைக் கொஞ்ச காலம் நிறுத்திவிட்டு டாக்டரிடம் பேச வேண்டும். வெயில் என்ற சொல் தாளிலேயே இருக்கிறது மாமா, நான் சேர்க்கவில்லை. சித்திரை, வைகாசியில் ஒரு கேன் தண்ணீரை மூன்று பேர் பகிர்ந்துகொண்டு மதியம் வரை கடலில் கிடந்து வருகிறீர்கள். உங்களுக்கென்று தனியாக ஒரு கேன் ஏற்றுங்கள். சிறுநீர் கறுத்த மஞ்சளாய்க் கொஞ்சமாகப் போனால் தண்ணீர் போதவில்லை.

சரி, பெரியது முடிந்தது. அடுத்தது மிகச் சாதாரணம் என்ற தலைப்பு, பத்துப் பேரில் ஒருவருக்கு மேல் வரும். குமட்டல், வாந்தி, பேதி, வயிற்று வலி, பசியின்மை. பெரும்பாலும் மாத்திரை தொடங்கிய புதிதில் வரும், அப்புறம் தானாக அடங்கும். போன வாரம் அணியத்தில் சாய்ந்து நீங்கள் வாந்தி எடுத்ததாக அத்தை சொன்னார்கள். விசாரித்தால், ராத்திரி இரண்டு மணிக்கு வெறும் வயிற்றில் கடுங்காப்பியோடு மாத்திரையை விழுங்கிவிட்டு வல்லத்தில் ஏறியிருக்கிறீர்கள். அதற்கு வயிறு வேறு எப்படிப் பேசும்? சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்டு முடித்த உடனே போட வேண்டும் என்று தாள் சொல்வது இதற்காகத்தான். கடலுக்குப் போகிற நாளில் எந்தச் சாப்பாட்டோடு போடுவது என்று டாக்டரிடம் உங்கள் நேரக் கணக்கைச் சொல்லியே கேளுங்கள். அவர் எழுதும்போது ஆபீஸ் போகிற ஆளை நினைத்து எழுதியிருப்பார். இதையெல்லாம் செய்தும் வயிற்று உபத்திரவம் நிற்கவில்லை என்றால், மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் பேசச் சொல்கிறது தாள். நிறுத்துவதோடு முடிந்தது என்று எங்கேயும் சொல்லவில்லை.

சாதாரணம் என்று போட்டிருப்பவை இரண்டு, பத்துப் பேரில் ஒருவர் வரைக்கும் வரக்கூடியவை. ஒன்று வாய் ருசி மாறுவது, பலர் சொல்வது இரும்பை நக்கினது போல. மீன் குழம்பு கசந்தால் அத்தையைக் குறை சொல்லும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று வைட்டமின் பி12 குறைவது. இது மெதுவாக, மாதக்கணக்கில் வருடக்கணக்கில் வருவது. மிகுந்த களைப்பு, நாக்கு சிவந்து புண்ணாவது, கை காலில் ஊசி குத்துவது போல இருப்பது, தோல் வெளிறுவது அல்லது மஞ்சளிப்பது. கயிறு பிடித்த கை மரத்துப்போவது உங்களுக்குப் பழக்கம், ஆனால் அது கையை உதறினால் போகும். வேலை இல்லாத நாளிலும் இரண்டு பாதத்திலும் ஊசி குத்தினால் டாக்டரிடம் சொல்லுங்கள், ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சரிசெய்யவும் வழி இருக்கிறது. சர்க்கரையாலும் காலில் இதே போல வரும், அதனால் எது என்று நீங்களே தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

மிக அரிது என்ற வரிசையில் இன்னும் இரண்டு மிச்சம். கல்லீரல் பரிசோதனையில் மாறுதல் அல்லது கல்லீரல் வீக்கம்: களைப்பு, பசியில்லாமல் போவது, உடம்பு இளைப்பது, சில சமயம் கண்ணும் தோலும் மஞ்சளாவது. இது வந்தால் மாத்திரையை நிறுத்தி உடனே டாக்டர். கீழாநெல்லி அரைத்துக் குடித்துப் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. மற்றது தோல் சிவப்பது, அரிப்பு, அரிப்போடு தடிப்பு. சொறி மீன் பட்ட இடத்தில் வருவது அந்த இடத்தோடு நிற்கும், காரணமும் தெரியும். காரணமே இல்லாமல் உடம்பெங்கும் தடித்தால் சொல்லுங்கள்.

பக்க விளைவுப் பகுதியில் இல்லாமல் தாளின் வேறு இடங்களில் கிடக்கும் சில வரிகளையும் இங்கே இழுத்துவருகிறேன், முதல் எச்சரிக்கையோடு சேர்ந்தவை என்பதால். ஸ்கேன் எடுக்க நரம்பில் சாய மருந்து ஏற்றினாலோ மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்தாலோ இந்த மாத்திரையை நிறுத்த வேண்டும், மறுபடி எப்போது என்று அவர்கள் சொல்வார்கள். ராமநாதபுரம் போனாலும் மதுரை போனாலும் "சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். முதுகு வலிக்கு நீங்கள் கடையில் பெயர் சொல்லி வாங்குகிற வலி மாத்திரைகளில் பல சிறுநீரகத்தைப் படுத்தும். நானும் மருந்துக் கடையில் நிற்கிறவள்தான், கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் கடையும் உண்டு என்று தெரியும், அதனால் சொல்கிறேன். இந்த மாத்திரை மட்டும் என்றால் சர்க்கரை மிகத் தாழ்ந்துபோகும் பயம் வழக்கமாக இல்லை. நாளைக்கு வேறு சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ சேர்த்தால் அந்தப் பயம் வரும்: வேர்வை, நடுக்கம், படபடப்பு, தலைசுற்றல், கண் மங்குவது. அப்போது சட்டென்று சர்க்கரைத் தண்ணீர்.

தாளில் இல்லாத ஏதாவது உடம்பில் தோன்றினாலும் டாக்டரிடமோ என்னிடமோ சொல்லலாம். மருந்துப் பக்க விளைவைப் புகார் செய்ய அரசின் இலவச எண்ணும் உண்டு, 1800-180-3024.

விட்ட மூன்று நாள் மாத்திரையைச் சேர்த்து விழுங்கிவிடாதீர்கள். நாளைக் காலை டாக்டருக்குப் போன் போட்டு, நிறுத்தியிருந்ததையும் வாந்தி எடுத்ததையும் சொல்லி, எப்போது தொடங்குவது என்று கேளுங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் பரிசோதனைச் சீட்டு உங்கள் பைலில் இருக்கும், வருடம் ஒரு தடவையாவது அதைப் பார்க்க வேண்டும். இதை அத்தை போனில் மட்டும் வைத்தால் போதாது. வல்லத்தில் உங்களோடு வருவது சின்னவன்தானே, அவனுக்கும் அனுப்பியிருக்கிறேன், மூச்சு வாங்குவது பற்றிய பத்தியை வாசித்துவிட்டானா என்று இன்று ராத்திரி கேட்பேன்.