கீழடி கல்விச் சுற்றுலா: அனுமதியும் நிதியும் வேண்டி

அனுப்புநர்: சமூக அறிவியல் ஆசிரியை, 9-ஆம் வகுப்பு
பெறுநர்: தலைமையாசிரியர் அவர்கள்
மேலூர், 27.01.2026

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 9-ஆம் வகுப்பு மாணவர்கள் 42 பேரை 14.02.2026 சனிக்கிழமை கீழடி அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்ல அனுமதி வேண்டுகிறேன். உறைகிணறு என்று கரும்பலகையில் வட்டம் போட்டுக் காட்டினால் பிள்ளைகள் தலையாட்டுகிறார்கள், அவ்வளவுதான். பானை ஓட்டில் கீறிய ‘ஆதன்’ என்ற தமிழி எழுத்தை அவர்களே எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும்.

பேருந்து வாடகை ரூ.9,000. பலர் வீட்டில் நூறு நாள் வேலைதான் வருமானம், வசூலிக்க மனமில்லை. பெற்றோர் ஆசிரியர் கழக நிதியிலிருந்து வழங்கக் கோருகிறேன். மதியச் சாப்பாடு வீட்டிலிருந்தே வரும். பெற்றோர் ஒப்புதல் கடிதங்களை இணைத்துள்ளேன். உடன் வர உடற்கல்வி ஆசிரியர் இசைந்துள்ளார். வண்டிக்கு இவ்வெள்ளிக்குள் முன்பணம் கட்ட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சமூக அறிவியல் ஆசிரியை