பழமொழியும் அதற்குரிய இடமும்: எட்டாம் வகுப்புத் தமிழ்ப் பயிற்சி

மாணவர்களே, நாம் பழமொழி என்பதைத் தொல்காப்பியம் முதுமொழி என்கிறது. நுண்மை, சுருக்கம், ஒளி, எளிமை ஆகிய நான்கும் விளங்க, கருதிய பொருளை முடித்துக் காட்டுவதே முதுமொழி என்பது அதன் கருத்து. முன்றுறை அரையனாரின் பழமொழி நானூறு, பாட்டுக்கு ஒரு பழமொழி வைத்துப் பாடப்பட்ட நூலாகும். ஆயினும் பழமொழி வாழும் இடம் நம் பேச்சுதான்.

பொருத்துக

அ. யானைக்கும் அடி சறுக்கும்.
ஆ. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.
இ. உழுகிற நாளில் ஊருக்குப் போனால் அறுக்கிற நாளில் ஆள் தேவையில்லை.
ஈ. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.

1. கோயில் கொடைக்கு வரிப்பணம் நிறையச் சேர்ந்திருப்பதால், கணக்கு எழுத வேண்டியதில்லை என்கிறார் ஒருவர்.
2. பருவம் முழுவதும் பாடப்புத்தகத்தைத் திறக்காத கதிர், தேர்வு நாளில் எழுத ஒன்றுமின்றி அமர்ந்திருக்கிறான்.
3. ஆண்டுதோறும் பரிசு பெறும் செல்வி, இம்முறை பேச்சுப்போட்டியின் நடுவே வரியை மறந்து நின்றுவிட்டாள்.
4. பந்தைச் சரியாகப் பிடிக்கத் தெரியாத முருகன், தன் கையிலிருந்து பந்து நழுவும்போதெல்லாம் மைதானத்தைக் குறை கூறுகிறான்.

விடை: 1-ஈ, 2-இ, 3-அ, 4-ஆ.

மூன்றாவதையும் நான்காவதையும் சற்று நின்று பாருங்கள். இரண்டிலும் ஒருவர் தவறுகிறார். ஆனால் வல்லவர் ஒருமுறை தவறும்போது ஆறுதலாகச் சொல்வது யானைப் பழமொழி, தன் குறையை மறைக்கப் பிறிதொன்றின்மேல் பழி போடுபவரை இடித்துரைப்பது கூடத்துப் பழமொழி. இடம் மாற்றிச் சொன்னால், அழுதுகொண்டிருக்கும் செல்வியை நாம் மேலும் புண்படுத்திவிடுவோம். ஆகவே, பழமொழியின் பொருளோடு, அதை யார் யாரிடம் எந்த மனநிலையில் சொல்கிறார் என்பதையும் எண்ணியே பொருத்த வேண்டும்.

மாதிரி உரையாடல்

உரையாடலைப் பேச்சுத்தமிழிலேயே எழுதலாம். பழமொழி இயல்பாக ஒலிப்பது அங்கேதான்.

பாட்டி: என்ன கண்ணு, வந்ததுல இருந்து ஒரு வார்த்தை பேசல?
செல்வி: பாதியிலேயே மறந்துட்டேன் பாட்டி. எல்லாரும் என்னையே பாத்தாங்க.
பாட்டி: போன வருசம் கோப்பை வாங்கினவ நீதானே?
செல்வி: அதனாலதான் ரொம்ப வெக்கமா இருக்கு.
பாட்டி: யானைக்கும் அடி சறுக்கும், தாயி. எந்திரி, கைகால் கழுவிட்டுச் சாப்பிட வா.

பாட்டி பழமொழிக்கு விளக்கம் சொல்லவில்லை. முன்னால் கேட்ட கேள்வியே அதற்கு வழி அமைத்துவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

எழுதுக

மற்ற மூன்று சூழல்களில் ஒன்றைத் தேர்ந்து, இருவர் பேசும் உரையாடலை ஆறு முதல் எட்டு வரிகளில் எழுதுங்கள். பழமொழி ஒருமுறை மட்டுமே வர வேண்டும். முதல் வரியில் வரக் கூடாது. பெரியவரிடம் இளையவர் பேசுவதாக எழுதினால், இடித்துரைக்கும் பழமொழியைப் பணிவு குறையாமல் எப்படிச் சொல்வது என்பதையும் சிந்தியுங்கள். எழுதியதை இணை மாணவருடன் வாய்விட்டுப் படித்து, நாக்கில் இடறும் வரிகளைத் திருத்துங்கள்.

வீட்டில் மூத்தவர் ஒருவரிடம், அவர் அடிக்கடி சொல்லும் பழமொழி ஒன்றையும், அதைக் கடைசியாக யாரிடம் எதற்காகச் சொன்னார் என்பதையும் கேட்டு எழுதி, நாளை வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.