ஓட்டை போட்ட பாட்டில்

பாடம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், கலைவாணியின் லேப்டாப் ஹேங் ஆகிவிட்டது.

2020 ஜூலை. காவேரிப்பட்டணத்தில் வீட்டு முன்னறையில் அரிசி டிரம் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அவள் எடுக்கும் முதல் ஆன்லைன் வகுப்பு. ஒன்பதாம் வகுப்பு அறிவியல், பாய்மங்கள். ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்து, தண்ணீர் பீய்ச்சும் வீடியோவெல்லாம் சேர்த்து ஸ்லைடு தயாரித்திருந்தாள். இரண்டாவது ஸ்லைடுக்குப் போகும்போது அம்புக்குறி திரையின் நடுவில் அப்படியே நின்றது. Caps Lock அழுத்திப் பார்த்தாள், விளக்கு எரியவில்லை. Ctrl+Alt+Del அழுத்தினாள், அதற்கும் அசையவில்லை. உள்ளே ஃபேன் மட்டும் இரைந்தது. திரையில் அவளுடைய முகம், வாய் பாதி திறந்தபடி உறைந்து கிடந்தது.

முப்பத்தெட்டுப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். சில பிள்ளைகள் பக்கத்தில் அப்பா அம்மாவும் உட்கார்ந்து பார்ப்பார்கள். நெஞ்சு படபடத்தது.

"என்னாச்சும்மா?" என்று அத்தை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"லேப்டாப் நின்னுடுச்சு அத்தை. பார்த்துக்கிறேன்."

வாய்விட்டுச் சொன்னதும் மூச்சு கொஞ்சம் சீரானது. லேப்டாப்புக்கு நெட் கொடுத்துக்கொண்டிருந்ததே அவள் போன்தான். அது நன்றாகத்தான் இருந்தது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டாள்: "யாரும் வெளிய போகாதீங்கப்பா. மிஸ் இப்ப போன்ல வர்றேன். அதுக்குள்ள ஒரு காலி வாட்டர் பாட்டில், காம்பஸ், கொஞ்சம் டேப் எடுத்துட்டு வாங்க."

பவர் பட்டனைத் திரை அணையும் வரை அழுத்திப் பிடித்து லேப்டாப்பை நிறுத்தினாள். இல்லாவிட்டால் அந்த உறைந்த முகம் வகுப்பிலேயே நின்றுகொண்டிருக்கும். போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்து அதே லிங்க்கில் நுழைந்தாள்.

"மிஸ் வந்துட்டாங்க!"

"லேப்டாப் ஹேங் ஆயிடுச்சுப்பா. இன்னிக்கு ஸ்லைடு கிடையாது. பாட்டில் கிடைச்சுதா?"

பாட்டிலில் மேலே, நடுவில், கீழே என்று மூன்று ஓட்டைகள் போடச் சொன்னாள். டேப் ஒட்டி, தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்தே வைத்து, டேப்பைச் சட்டென்று உரிக்க வேண்டும். சின்னத் திரையில் வரிசையாகக் கைகள், பாட்டில்கள், ஒருவன் வீட்டு ஆட்டுக்குட்டி.

"எந்த ஓட்டையிலேர்ந்து தண்ணி ரொம்ப தூரம் போகுது?"

"கீழ் ஓட்டை மிஸ்" என்று ஐந்தாறு குரல்கள் ஒன்றாக வந்தன. அப்போது பர்கூரிலிருந்து நவீன் தயங்கித் தயங்கி, "மிஸ், எனக்கு நடு ஓட்டைதான் தூரமா போகுது" என்றான்.

அவள் ஸ்லைடில் கீழ்த்தாரைதான் வெகுதூரம் போகும். அந்தப் படம் ஓடியிருந்தால் நவீன் இதைக் கேட்டிருக்கவே மாட்டான்.

"பாட்டிலை எங்க வச்சிருக்க?"

"தரையில மிஸ்."

"அப்படியே திண்ணை ஓரத்துல தூக்கி வை. தண்ணி கீழ வாசல்ல விழட்டும். இப்ப பாரு."

அவன் வைத்தான். கீழ் ஓட்டையிலிருந்து வந்த தண்ணீர் மற்ற இரண்டையும் தாண்டி விழுந்தது. "ஐயோ மிஸ், மாறிடுச்சு!"

"மாறல. ஆழம் கூடக் கூட தண்ணியோட அழுத்தமும் கூடும். அதனால அப்பவும் கீழ இருந்துதான் தண்ணி வேகமா வந்துச்சு. ஆனா தரை பக்கத்துலயே இருந்ததால ரொம்ப தூரம் போறதுக்குள்ள விழுந்துடுச்சு. இப்ப விழறதுக்கு நேரம் கிடைக்குது, அதான் தூரம் போகுது."

அப்புறம் ஒரு தாளில் அழுத்தத்துக்கான சூத்திரத்தைப் பெரிதாக `P = hρg` என்று எழுதிக் கேமரா முன்னால் பிடித்தாள். கிருஷ்ணகிரி கேஆர்பி அணையின் முழு நீர்மட்டம் 52 அடி, அதாவது h கிட்டத்தட்ட 16 மீட்டர். தண்ணீரின் அடர்த்தி ρ 1000, புவியீர்ப்பு முடுக்கம் g 9.8. அடியில் தண்ணீர் தரும் அழுத்தம் எவ்வளவு? கொஞ்ச நேரம் பேனாச் சத்தம் மட்டும் கேட்டது. சுமதிதான் முதலில் சொன்னாள்: "1,56,800 பாஸ்கல் மிஸ்."

"சரியா சொன்ன. அணைக்கட்டு அடியில ஏன் அவ்வளவு அகலமா இருக்குன்னு இப்ப யாராவது சொல்லுங்க."

ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் மைக்கைத் திறந்தார்கள்.

வகுப்பு முடிந்ததும், வீட்டில் சிந்திய தண்ணீரை அவரவரே துடைக்க வேண்டும் என்று கறாராகச் சொல்லி அனுப்பினாள். லேப்டாப்பைத் திரும்பப் போட்டு, ஸ்லைடிலிருந்த வீடியோக்களை எல்லாம் எடுத்துவிட்டு, நாளைய பாடத்தைப் போனிலும் ஒரு பிரதி ஏற்றினாள். அத்தை காபியோடு வந்து நின்றார்.

"சரியாயிடுச்சாம்மா?"

"ஆச்சு அத்தை. நம்ம வீட்ல காலி பாட்டில் இருந்தா தூக்கிப் போட்றாதீங்க, நாளைக்கு ஒன்பது பி-க்கு வேணும்."