கணித ஆசிரியர் தேர்வு: நேர்காணல் வினாக்களும் மதிப்பெண் தாளும்

பணியிடம்: பட்டதாரி ஆசிரியர் (கணிதம்), 6 முதல் 10 வரையிலான வகுப்புகள்
இடம்: பள்ளி வளாகம், மஞ்சக்குப்பம், கடலூர்
நேரம்: சனிக்கிழமை, காலை 9 மணி முதல்
தேர்வுக்குழு: தலைமையாசிரியை, மேல்நிலை வகுப்புகளின் மூத்த கணித ஆசிரியர், வெளியிலிருந்து ஒரு கல்லூரிக் கணிதப் பேராசிரியர்

குழுவினர் கவனத்திற்கு

நால்வரை அழைத்திருக்கிறோம். நால்வருமே கணக்கை வேகமாகப் போடுவார்கள். அதைச் சோதிக்க ஒரு சனிக்கிழமையை வீணாக்க வேண்டியதில்லை. ஒரு மாணவர் தவறாகப் போட்ட கணக்கைப் பார்த்து, அவர் மனத்தில் என்ன ஓடியது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர் யார் என்பதே நமக்குத் தெரிய வேண்டும். மதிப்பெண்களின் பெரும்பகுதி அதற்காகவே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

பி.எஸ்சி. கணிதம், பி.எட்., ஆசிரியர் தகுதித் தேர்வின் தாள் 2 தேர்ச்சி ஆகியவை உள்ளே வருவதற்கான தகுதிகள். அலுவலகம் அவற்றைச் சரிபார்த்துவிட்டது. கல்லூரியில் வாங்கிய சதவீதத்துக்கோ அனுபவ ஆண்டுகளுக்கோ இங்கே மதிப்பெண் கிடையாது. பதினைந்து ஆண்டு அனுபவம் உண்மையிலேயே பயன்பட்டிருந்தால் மாதிரி வகுப்பில் தானாகத் தெரிந்துவிடும். தெரியாவிட்டால் அதற்குத் தனியாக மதிப்பெண் எதற்கு?

பரிந்துரைக் கடிதம் யார் எழுதியதாக இருந்தாலும், தாளாளரின் உறவினர் எழுதியதாகவே இருந்தாலும், பிரிக்காமல் திருப்பி அனுப்பப்படும். விண்ணப்பதாரரை முன்பே அறிந்த உறுப்பினர் வெள்ளிக்கிழமை மாலைக்குள் சொல்லிவிட வேண்டும். அந்த ஒருவருக்கு மட்டும் அவர் மதிப்பெண் இடமாட்டார். மற்ற இருவரின் சராசரியே கணக்கில் வரும்.

கேட்கக் கூடாதவை: திருமணம், குழந்தைகள், கணவர் அல்லது மனைவியின் வேலை, சாதி, மதம், சொந்த ஊர், தற்போதைய சம்பளம். "பண்ருட்டியிலிருந்து தினமும் வந்துபோக முடியுமா?", "ஐப்பசி மழையில் கெடிலத்தில் வெள்ளம் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று அக்கறையோடு கேட்பதும் இதில் அடங்கும். பணி நேரம் காலை 8.45 முதல் மாலை 4.15 வரை, மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் வேலைநாள். இதை நால்வரிடமும் ஒரே சொற்களில் சொல்லி, "இந்த நேரம் உங்களுக்கு இயலுமா?" என்று மட்டும் கேட்கவும். ஊதியம் விளம்பரத்தில் அறிவித்ததுதான். அதில் பேரம் இல்லை.

மதிப்பெண் பகிர்வு

| பகுதி | நேரம் | மதிப்பெண் |
|---|---|---|
| எழுத்துப் பணி: விடைத்தாள் திருத்தம் | 40 நிமிடம் | 25 |
| மாதிரி வகுப்பு | 20 நிமிடம் | 35 |
| வகுப்புக்குப் பிந்தைய உரையாடல் | 10 நிமிடம் | 10 |
| நேர்காணல் | 30 நிமிடம் | 30 |
| மொத்தம் | | 100 |

பகுதி 1. எழுத்துப் பணி (25)

தாளில் பெயர் இருக்காது. அலுவலகம் தரும் எழுத்துக் குறி மட்டும் இருக்கும். ஏழாம் வகுப்பு மாணவர் ஒருவர் எழுதியதாக நாம் உருவாக்கிய ஐந்து விடைகளைத் தருகிறோம். ஒவ்வொன்றிலும் மாணவர் எப்படி யோசித்திருப்பார், விடைக்கு எத்தனை மதிப்பெண், அவரிடம் அடுத்து என்ன கேட்பீர்கள் என்று எழுத வேண்டும். விடைக்கு ஐந்து மதிப்பெண்.

1. `2/3 + 1/4 = 3/7`
2. 0.35 பெரியது, 0.5 சிறியது
3. ரூ. 100 விலையுள்ள பொருளின் விலை 20 சதவீதம் ஏறிப் பிறகு 20 சதவீதம் இறங்கினால் மீண்டும் ரூ. 100
4. `18 × 25 = 9 × 50 = 450`
5. `16/64 = 1/4` (மேலும் கீழும் உள்ள 6 அடிக்கப்பட்டிருக்கிறது)

திருத்துபவர்களுக்கு: முதல் மூன்றும் வழக்கமான தவறுகள். "35 என்பது 5-ஐ விடப் பெரியது என்று முழு எண்ணாகப் படித்திருக்கிறார்" என்று எழுதியவருக்கும் "தசமம் புரியவில்லை" என்று எழுதியவருக்கும் ஒரே மதிப்பெண் கூடாது. மூன்றாவதில், இறக்கம் 120-இன் மீது கணக்கிடப்படுவதால் விடை ரூ. 96 என்று காட்டினால் மட்டும் போதாது. மாணவரே அதைக் கண்டுபிடிக்கும்படி ஒரு கேள்வியும் வேண்டும். நான்காவது முழுக்கச் சரி. புத்தக முறையில் இல்லை என்று மதிப்பெண் குறைத்தவருக்கு அந்த வினாவில் ஒன்றுக்கு மேல் தர வேண்டாம். ஐந்தாவதில்தான் ஆள் தெரியும். விடை சரி, வழி தவறு. `13/39` என்ற பின்னத்திலும் இப்படி 3-ஐ அடித்துப் பார்க்கச் சொல்வேன் என்று எழுதுபவர் (அங்கே `1/9` வரும், உண்மை விடை `1/3`) முழு மதிப்பெண்ணுக்கு உரியவர்.

பகுதி 2. மாதிரி வகுப்பு (35)

தலைப்பு நால்வருக்கும் ஒன்று: `(a + b)²` ஏன் `a² + b²` ஆகாது? வியாழக்கிழமை காலை ஒரே நேரத்தில் நால்வருக்கும் தொலைபேசியில் சொல்லப்படும். எட்டாம் வகுப்பு மாணவர்கள் 48 பேரைச் சீட்டுக் குலுக்கி நான்கு குழுக்களாகப் பிரிக்கிறோம். ஒரே குழு நான்கு முறை கேட்டால் கடைசியாக வருபவருக்குப் பாதிப் பாடத்தை முன்னவர்களே நடத்தித் தந்தது போலாகும். யார் முதலில் என்பதும் சீட்டுதான். கரும்பலகை, சுண்ணக்கட்டி, வரைபடத் தாள், கத்தரிக்கோல் தரப்படும். மடிக்கணினியும் ப்ரொஜெக்டரும் வேண்டாம், அவை எல்லோரிடமும் இருக்காது.

- மாணவர் பதிலைக் கேட்டு அதன்மீது கட்டுதல் (10). தவறான பதில் வந்ததும் "வேறு யாராவது?" என்று தாண்டிப்போனால் 2. ஏன் அப்படி நினைத்தாய் என்று கேட்டு அந்தப் பதிலைக் கொண்டே நகர்த்தினால் 8-க்கு மேல். முன்வரிசை மட்டும் பேசிய வகுப்புக்கு எவ்வளவு கலகலப்பு இருந்தாலும் 5-ஐத் தாண்டக் கூடாது.
- கணிதச் சரியும் தெளிவும் (10). `(3 + 4)² = 49`, `9 + 16 = 25` என்ற எண் சான்று, பக்கம் `a + b` கொண்ட சதுரத்தை நான்கு துண்டாக்கும் படம், பங்கீட்டுப் பெருக்கம் ஆகிய மூன்றில் இரண்டையாவது ஒன்றோடொன்று இணைத்துக் காட்டினால் 8-க்கு மேல். சூத்திரத்தை எழுதி மனப்பாடம் செய்யச் சொன்னால் 2.
- கரும்பலகைப் பயன்பாடு (5).
- மொழி (5). நம் பள்ளி ஆங்கில வழி. ஆனால் தேவனாம்பட்டினத்துப் பிள்ளைகளில் பலர் கணக்கைத் தமிழில் யோசிக்கிறார்கள். இரண்டிலும் புரியவைக்க முடிகிறதா என்பதே அளவு. ஆங்கில உச்சரிப்புக்கு மதிப்பெண் இல்லை.
- முடியும்போது எத்தனை பேருக்குப் புரிந்தது என்று சோதித்தல் (5). "புரிந்ததா?" என்று கேட்டு, "புரிந்தது சார்" என்ற கூட்டுக்குரலோடு முடித்தால் 1.

பகுதி 3. பிந்தைய உரையாடல் (10)

இரண்டே கேள்விகள். "இந்தப் பன்னிரண்டு பேரில் யாருக்குப் புரியவில்லை, எப்படித் தெரியும்?" (5). "இதே பாடத்தை நாளை மீண்டும் எடுத்தால் எதை மாற்றுவீர்கள்?" (5). பெயர் தெரியாவிட்டால் உட்கார்ந்திருந்த இடத்தைச் சொன்னாலும் போதும். மாற்ற ஒன்றுமில்லை என்பவருக்கு இரண்டாவதில் பூஜ்யம்.

பகுதி 4. நேர்காணல் (30, வினாவுக்கு 5)

வரிசை மாறக் கூடாது. வினாவை எழுதியபடியே படிக்கவும். துணைக் கேள்வியாக "இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள்" மட்டும் அனுமதி. தமிழிலோ ஆங்கிலத்திலோ பதில் சொல்லலாம்.

வினா 1. நீங்கள் நடத்திய ஒரு பாடத்தில் மாணவர்கள் எதிர்பாராத இடத்தில் தடுமாறியதைச் சொல்லுங்கள். அடுத்த வகுப்பில் என்ன செய்தீர்கள்? (பி.எட். கற்பித்தல் பயிற்சி அனுபவமும் செல்லும்.)
5: குறிப்பிட்ட கணக்கு, குறிப்பிட்ட தவறு, செய்த மாற்றம், விளைவு. 3: நிகழ்வு உண்டு, மாற்றம் தெளிவில்லை. 1: "மாணவர்கள் கவனிப்பதில்லை" என்ற பொதுப்புகார்.

வினா 2. "குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் ஏன் மிகை எண் வருகிறது?" என்று ஏழாம் வகுப்பு மாணவி கேட்கிறாள். எங்களை அவளாக நினைத்துச் சொல்லுங்கள்.
5: `2 × (−2) = −4`, `1 × (−2) = −2`, `0 × (−2) = 0` என்ற வரிசையைத் தொடரவைப்பது, அல்லது பங்கீட்டுப் பண்பைக் கொண்டு காரணம் காட்டுவது. 3: கடன், திசை போன்ற உவமை மட்டும். 1: அதுதான் விதி.

வினா 3. பத்தாம் வகுப்பில் 40 பேர். எட்டுப் பேருக்கு இன்னும் பின்னமே வரவில்லை. பொதுத்தேர்வுக்கு ஐந்து மாதம். அடுத்த இரண்டு வாரங்களை எப்படித் திட்டமிடுவீர்கள்?
5: முதலில் எதைச் சோதிப்பார், எதைத் தள்ளிவைப்பார், மற்ற 32 பேர் அப்போது என்ன செய்வார்கள் என மூன்றுக்கும் விடை. 3: சிறப்பு வகுப்பு என்பதோடு நிற்பது. 1: அவர்களுக்குத் தேர்ச்சிக்கான வினாக்களை மட்டும் மனப்பாடமாகத் தருவது. இது நம் ஊரில் பரவலான வழக்கம் என்பதற்காக இரக்கம் காட்ட வேண்டாம்.

வினா 4. உங்கள் வகுப்பு மாணவனின் தந்தை, மாலையில் வீட்டில் டியூஷன் எடுக்கக் கேட்கிறார். நல்ல தொகை தருவதாகவும் சொல்கிறார்.
5: மறுப்பதோடு, பையனின் சிக்கலைப் பள்ளி நேரத்தில் தீர்க்க வழி சொல்வது. 3: மறுப்பு மட்டும். 1: ஏற்பது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 28 ஆசிரியர் தனிப்பயிற்சி நடத்துவதைத் தடைசெய்கிறது. சட்டப் பிரிவு எண் தெரியவில்லை என்று மதிப்பெண் குறைக்கக் கூடாது.

வினா 5. பண்ருட்டிப் பலாச் சந்தை, கடலூர் முதுநகர் மீன் ஏலம், கெடிலத்துப் பாலம் ஆகிய மூன்றில் ஒன்றை வைத்து ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு கணக்கை உருவாக்குங்கள். தேவையான ஒரு தகவல் அதில் விடுபட்டிருக்க வேண்டும். மூன்று நிமிடம் யோசிக்கலாம்.
5: விடுபட்டது எது என்று மாணவரே கேட்கும்படி அமைந்த கணக்கு. 3: கணக்கு சரி, ஆனால் சந்தைக்குப் பதில் எந்த இடத்தைப் போட்டாலும் பொருந்தும். 1: தீர்க்கவே முடியாதது, அல்லது எந்தத் தகவலும் விடுபடாதது.

வினா 6. நீங்கள் கரும்பலகையில் போட்ட கணக்கில் பிழை என்று ஒரு மாணவர் எழுந்து சொல்கிறார். அவர் சொல்வது சரியா என்று உங்களுக்கு உடனே தெரியவில்லை.
5: வகுப்போடு சேர்ந்து சரிபார்ப்பது. 3: பிறகு பார்த்துச் சொல்வதாகக் கூறி, சொல்லவும் செய்வது. 1: உட்காரச் சொல்வது.

மதிப்பெண் இடும் முறை

ஒவ்வொருவரும் தனித்தாளில், பேசிக்கொள்ளாமல், அந்த விண்ணப்பதாரர் அறையை விட்டுப் போனதும் எழுதி முடிக்க வேண்டும். எண்ணுக்கு எதிரே ஒரு வரிச் சான்று கட்டாயம். "நல்ல பெண்", "தெம்பாகப் பேசினார்" என்பவை சான்றாகா. பத்து மதிப்பெண் கூற்றில் 4-ம் அதற்கு மேலும், ஐந்து மதிப்பெண் கூற்றில் 2-ம் அதற்கு மேலும் வேறுபாடு வந்தால் சான்றுகளைப் படித்துக் காட்டி விவாதிக்கலாம். மாற்றுவது அவரவர் விருப்பம். மாற்றினால் பழைய எண்ணை அடித்து, தெரியும்படி விட்டு, கையொப்பமிட வேண்டும்.

சென்ற வாரம் நம் ஆசிரியர் ஒருவரே விண்ணப்பதாரராக நடித்துத் தந்த ஒத்திகையின் தாள் இது:

| பகுதி | தலைமையாசிரியை | மூத்த ஆசிரியர் | பேராசிரியர் |
|---|---|---|---|
| எழுத்துப் பணி (25) | 18 | 17 | 19 |
| மாதிரி வகுப்பு (35) | 24 | 21 | 29 |
| உரையாடல் (10) | 7 | 7 | 6 |
| நேர்காணல் (30) | 21 | 20 | 22 |
| மொத்தம் | 70 | 65 | 76 |

மாதிரி வகுப்பில் 21-க்கும் 29-க்கும் இடையிலான இடைவெளியைப் பாருங்கள். "பதிலைக் கேட்டுக் கட்டுதல்" என்ற கூற்றில் மூத்த ஆசிரியர் 3, நான் 5, பேராசிரியர் 8. வகுப்பு உயிரோட்டமாக இருந்தது என்பது அவர் எழுதிய சான்று. பேசிய ஐந்து பேரும் முன்வரிசையினர் என்பது மூத்த ஆசிரியரின் சான்று. பேராசிரியர் 8-ஐ 5 ஆக்கினார், அவர் மொத்தம் 73 ஆயிற்று. மூத்த ஆசிரியர் தம் 3-ஐ மாற்றவில்லை, அதுவும் சரிதான். இறுதிச் சராசரி 208-ஐ மூன்றால் வகுத்து 69.33.

மாதிரி வகுப்பின் சராசரி 18-க்குக் கீழே போனால், மொத்தத்தில் முதலிடம் வந்தாலும் தேர்வு இல்லை. முதல் இருவருக்கும் இடையே இரண்டு மதிப்பெண்ணுக்குள் வேறுபாடு இருந்தால், எழுத்துப் பணியில் கூடுதலாகப் பெற்றவருக்கே இடம். வயதோ, யார் சீக்கிரம் சேர முடியும் என்பதோ பார்க்கப்படாது. நால்வரும் தகுதி எல்லைக்குக் கீழே இருந்தால் மறுவிளம்பரம் செய்வோம். அதுவரை ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளை மூத்த ஆசிரியரும் நானும் பகிர்ந்துகொள்வதாகத் தாளாளரிடம் சொல்லியிருக்கிறேன்.

முடிவு புதன்கிழமைக்குள் நால்வருக்கும் தெரிவிக்கப்படும். தேர்வாகாத மூவருக்கும் பகுதிவாரி மதிப்பெண்ணும், எந்த இடத்தில் நன்றாகச் செய்தார் என்ற ஒரு குறிப்பும் கடிதத்தில் செல்லும். மதிப்பெண் தாள்கள் அலுவலகப் பெட்டியில் ஓராண்டு இருக்கும். தன் தாளைப் பார்க்க விரும்பும் விண்ணப்பதாரர் அலுவலக நேரத்தில் வந்து பார்க்கலாம்.

தலைமையாசிரியை