மார்ச் 30 அன்று படிக்கப்போகும் சுமதிக்கு

அஸ்தம்பட்டி, சேலம்
5.1.2026, திங்கட்கிழமை

அன்புள்ள சுமதி,

உன் மூன்று மாத சர்க்கரை அளவு இப்போது 6.1. 5.7 முதல் 6.4 வரை என்றால் சர்க்கரை நோயின் வாசல்படி என்று டாக்டர் சொன்னார். மாத்திரை எழுதவில்லை. முதலில் சாப்பாட்டையும் உடற்பயிற்சியையும் சரிசெய்யச் சொன்னார். ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் இருக்கும். அதில் ஒட்டிக்கொண்ட சர்க்கரையைத்தான் இந்த டெஸ்டில் பார்க்கிறார்கள். அதனால்தான் 12 வாரம் கழித்து மறுபடி டெஸ்ட்.

எதற்காகத் தொடங்கினாய் என்பதை மறந்துவிடாதே. போன மாதம் அம்மாவின் காலைக் கழுவிவிட்டபோது, குதிகால் ஓரத்தில் கண்ணாடிச் சில்லு ஒன்று ஏறியிருந்தது. சுற்றிலும் சிவந்து வீங்கியிருந்தது. "எங்கடி?" என்று கேட்டாள் அம்மா. சர்க்கரை நோயால் கால் மரத்துப்போய், அவளுக்கு வலிக்கவே இல்லை. அன்றைக்கு எனக்கு வந்த பயம் நியாயமானது. உனக்கும் அது கொஞ்சம் இருக்கட்டும்.

சாப்பாட்டில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. காலையில் மூன்று இட்லி, நிறைய சாம்பார், இரண்டு முட்டை. மதியம் முதலில் பொரியலும் பருப்பும், பிறகு ஒரு கப் சோறு. சாயங்காலம் சுண்டல். ராத்திரி இரண்டு சப்பாத்தியும் மீல்மேக்கர் குருமாவும். காய் எல்லாம் உழவர் சந்தையில். பொங்கல் இரண்டாவது வாரத்திலேயே வருகிறது. சர்க்கரைப் பொங்கல் ஒரு கரண்டி, அன்று மட்டும். தட்டுவடை செட்டை விடப்போவதில்லை. பீட்ரூட், கேரட் துருவலும் காரச் சட்னியுமாக சனிக்கிழமை ஒரு பிளேட், நின்று நிதானமாகச் சாப்பிடுவேன். ஒரேயடியாக விட்டால் பிப்ரவரி தாண்டாது.

வாரம் மூன்று நாள் டம்பிள்ஸ், மற்ற நாளில் காந்தி ஸ்டேடியத்தில் நடை. டம்பிள்ஸை விட்டுவிட்டு நடையோடு நிறுத்திக்கொள்ளத் தோன்றும். கூடாது. சாப்பிட்ட சர்க்கரையை அதிகம் வாங்கிக்கொள்வது தசைதான். இன்று மூன்று கிலோவில் தொடங்கினேன். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவதற்குள் தொடை நடுங்கியது.

எடை மெஷினை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதே. இடுப்புச் சுற்றளவு இன்று 92 சென்டிமீட்டர். பெண்களுக்கு 80-க்குள் இருக்க வேண்டுமாம். அதே டேப்பை எடுத்து, அதே இடத்தில் அள.

எல்லாம் முடிந்ததும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஏற்காடு போ. அவள் ஏரிக்கரையில் உட்காரட்டும், அண்ணி துணைக்கு இருப்பாள். நீ சேர்வராயன் கோயில் வரை நடந்தே போய்விட்டு வா. கோடை மழை பெய்திருந்தால் எஸ்டேட்களில் காப்பி பூத்திருக்கும்.

எண் குறையவில்லை என்றாலும் இதையெல்லாம் எழுதிவைத்த நோட்டைத் தூக்கிப் போடாதே. டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டி அடுத்து என்ன செய்வதென்று கேள். டெஸ்டை அதே லேபில் எடு. இதற்கு வெறும் வயிறு தேவையில்லை, இட்லியைச் சாப்பிட்டுவிட்டே போ.

இப்படிக்கு,
சுமதி