தயங்காமல் போனை வைத்துவிடுங்கள் – பெரியவர்களுக்கான வீடியோ, பேசுபவருக்கான முழு உரை

(பேசுபவர் கேமராவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். பின்னணி இசை வேண்டாம். நிதானமாகப் பேசவும்.)

வணக்கம். பயமுறுத்துகிற வீடியோ இல்லை இது, வசதியாக உட்கார்ந்து கேளுங்கள். சத்தம் குறைவாக இருந்தால் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு கதை, அப்புறம் சில விதிகள்.

எழுபது தாண்டிய ஓர் அம்மா. கதைக்காகச் சரோஜா அம்மா என்று வைத்துக்கொள்வோம். மதியம் வீட்டில் தனியாக இருக்கும்போது போன் அடிக்கிறது, திரையில் அவருடைய வங்கியின் பெயரே வருகிறது. எடுத்தால் ஒரு பையன், ரொம்ப மரியாதையான குரல்.

"அம்மா, பாதுகாப்புப் பிரிவிலிருந்து பேசுகிறேன். உங்கள் கணக்கிலிருந்து யாரோ பணம் எடுக்க முயற்சி செய்கிறார்கள். பதற்றப்படாதீர்கள், நான் தடுத்துவிடுகிறேன்."

அவருடைய முழுப் பெயரையும், கார்டின் கடைசி நான்கு எண்களையும்கூடச் சரியாகச் சொல்கிறான். இவ்வளவு தெரிந்தவன் வங்கி ஆளாகத்தானே இருக்க வேண்டும்? அப்படித்தான் அந்த அம்மாவும் நினைத்தார்.

"இப்போது ஒரு மெசேஜ் வரும் அம்மா, அதில் உள்ள ஆறு எண்களைச் சொல்லுங்கள், உடனே நிறுத்திவிடலாம்."

மெசேஜ் வந்தது. கண்ணாடி பக்கத்தில் இல்லை. "கொஞ்சம் இரு தம்பி, போனை வைத்துவிட்டுக் கண்ணாடி எடுத்து வந்து நானே கூப்பிடுகிறேன்" என்றார். அந்த இடத்தில்தான் குரல் மாறியது.

"வைக்காதீர்கள் அம்மா! வைத்தால் பணம் போய்விடும். லைனிலேயே இருங்கள். வீட்டில் யாரிடமும் சொல்ல வேண்டாம், இது ரகசிய விசாரணை."

சரோஜா அம்மா கொஞ்சம் யோசித்தார். என் பணத்தைக் காப்பாற்ற வந்தவன், நான் போனை வைக்கிறேன் என்றால் ஏன் இப்படிப் பதறுகிறான்? "சரி தம்பி" என்று சொல்லி, வைத்தே விட்டார். மறுபடி அடித்தது, எடுக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கார்டின் பின்பக்கம் அச்சடித்திருந்த எண்ணுக்குத் தானே கூப்பிட்டார். "நாங்கள் யாரும் உங்களை அழைக்கவில்லை அம்மா" என்றார்கள். ஒரு காசும் போகவில்லை. கதை அவ்வளவுதான்.

(சிறிது இடைவெளி. திரையில் பெரிய எழுத்தில்: போனை வைப்பது மரியாதைக் குறைவு அல்ல.)

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் தலைமுறைப் பழக்கம், எதிரே ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது பட்டென்று வைக்க மனசு வராது. நல்ல பழக்கம்தான், ஆனால் மோசடிக்காரன் நம்பிப் பிழைப்பு நடத்துவதே அதைத்தான். அவனோடு வாதாட வேண்டாம், கேள்வி கேட்டு மடக்கவும் வேண்டாம், அவன் தினமும் இதையே செய்பவன், எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருப்பான். "பிறகு பேசுகிறேன்" என்று வைத்துவிடுங்கள். அதைக்கூடச் சொல்லாமலும் வைக்கலாம். உண்மையான வங்கிக்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வைத்தபிறகு சந்தேகம் இருந்தால் நீங்களே கூப்பிடுங்கள், ஆனால் எந்த எண்ணுக்கு என்பது முக்கியம். அவன் கொடுத்த எண் வேண்டாம். இணையத்தில் தேடி முதலில் வருகிற எண்ணும் வேண்டாம், அங்கேயும் போலி எண்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். கார்டின் பின்பக்கம் அல்லது பாஸ்புக்கில் இருக்கிற எண் மட்டும்தான். வீட்டில் லேண்ட்லைன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: சில இடங்களில், அழைத்தவன் வைக்காதவரை நீங்கள் வைத்தாலும் அந்த லைன் கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். நீங்கள் வங்கிக்கு டயல் செய்வதாக நினைப்பீர்கள், மறுமுனையில் அதே கூட்டம் "வணக்கம், வங்கி" என்று சொல்லும். அதனால் வேறு போனிலிருந்து கூப்பிடுங்கள்.

திரையில் வங்கியின் பெயர் வந்ததே என்று கேட்பீர்கள். அழைக்கிற எண்ணையும் பெயரையும் வேறு மாதிரி காட்ட முடியும். அவர்கள் அனுப்புகிற போலி மெசேஜ், உங்கள் வங்கியின் பழைய உண்மையான மெசேஜ்களுக்குக் கீழேயே வந்து உட்காரவும் முடியும். அந்தக் கடைசி நான்கு எண்கள்? பல ரசீதுகளில் அது அச்சாகி வருகிறது. பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் எங்கெங்கோ கசிந்து விற்பனைக்குப் போகின்றன. உங்களைப் பற்றித் தெரிந்திருப்பதால் ஒருவன் நல்லவனாகிவிட மாட்டான்.

(திரையில்: ஓடிபியை வாயால் சொல்வதே இல்லை.)

மெசேஜில் வருகிற அந்த ஆறு எண்கள்தான் ஓடிபி, அது உங்கள் கையெழுத்துக்குச் சமம். பணம் வருவதற்கு, பணத்தைத் தடுப்பதற்கு, கணக்கை "சரிபார்ப்பதற்கு" என்று யார் கூப்பிட்டு என்ன சொன்னாலும் சொல்ல வேண்டாம். பின் எண், பாஸ்வேர்டு, கார்டின் பின்னால் உள்ள மூன்று எண்கள் எல்லாவற்றுக்கும் இதே கதை. இப்போது புதிதாக ஒரு தந்திரம்: "இன்னொரு அழைப்பு வரும், அதையும் சேர்த்துவிடுங்கள், மூன்று பேரும் பேசலாம்" என்பார்கள். அந்த இரண்டாவது அழைப்பு, ஓடிபியைக் குரலில் வாசிக்கிற தானியங்கி அழைப்பாக இருக்கலாம். நீங்கள் வாயே திறக்காவிட்டாலும் அவன் கேட்டுக்கொள்வான்.

போனில் எதையும் இன்ஸ்டால் செய்யச் சொன்னாலும், திரையைப் பகிரச் சொன்னாலும் முடியாது என்று சொல்லுங்கள். அப்புறம் நட்சத்திரம், ஹேஷ் குறிகள் வருகிற எதையும் அவன் சொல்லச் சொல்ல அழுத்த வேண்டாம். உங்களுக்கு வருகிற அழைப்புகளை அவனுடைய எண்ணுக்குத் திருப்பிவிடுகிற குறியீடாக அது இருக்கலாம். தெரியாமல் அழுத்திவிட்டீர்களா, பெரும்பாலான மொபைல்களில் இதை டயல் செய்தால் திருப்பிவிட்டதெல்லாம் ரத்தாகும்:

```
##002#
```

ஒருவேளை பேரனுடைய குரலே அழுதுகொண்டு வந்தால்? "விபத்து, அவசரமாகப் பணம் வேண்டும், அப்பாவிடம் சொல்லாதீர்கள்." குரலை அப்படியே நகலெடுக்க இன்று முடிகிறது. வைத்துவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற பேரனின் எண்ணுக்கே கூப்பிடுங்கள். வீட்டுக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது, ஆனால் அதை மெசேஜில் அனுப்பாமல் நேரில் சொல்லிக்கொள்ளுங்கள். போலீஸ் என்று சொல்லி மிரட்டினாலும் இதேதான், வீடியோவில் சீருடையே தெரிந்தாலும் சரி. "யாரிடமும் சொல்லாதே" என்ற வார்த்தை வந்தால், பக்கத்தில் இருப்பவரிடம் உடனே சொல்லுங்கள்.

(குரல் இன்னும் மெதுவாக.)

ஓடிபியை ஏற்கெனவே சொல்லிவிட்டேன், பணம் போய்விட்டது என்கிறீர்களா? உங்களைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க இப்போது நேரமில்லை. வங்கியை உடனே கூப்பிட்டுக் கார்டையும் கணக்கையும் முடக்கச் சொல்லுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் பிடித்தால் திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு. மெசேஜ், எண், நேரம் எதையும் அழிக்காமல் போலீஸில் புகார் கொடுங்கள். பிள்ளைகள் திட்டுவார்களே என்று மறைக்காதீர்கள். பிள்ளைகளே, இதைப் பார்த்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து திட்டாதீர்கள். திட்டு வாங்கியவர் அடுத்த முறை சொல்லவே மாட்டார்.

சில நாள் கழித்து இன்னொருவன் கூப்பிடுவான், "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறேன், சின்னக் கட்டணம் மட்டும்" என்று. அவனும் அதே கூட்டம்தான், ஏமாந்தவர்களின் பட்டியல் அவர்களுக்குள் கைமாறும்.

சரி, இப்போது வீடியோவை நிறுத்திவிட்டுக் கார்டை எடுங்கள். பின்பக்கம் உள்ள வங்கியின் போன் எண்ணைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, போன் இருக்கிற இடத்துக்கு மேலே ஒட்டுங்கள். கார்டின் பின்னால் உள்ள அந்த மூன்று ரகசிய எண்களை எழுதிவிடாதீர்கள்.