மாடி அறை சேர்ப்பது குறித்து: கூடுதல் செலவும் உங்கள் முன் உள்ள வழிகளும்

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

திருப்பாலை வீட்டின் மாடியில் 320 சதுர அடியில் ஒரு படுக்கையறையும் குளியலறையும் வேண்டும் என்று ஞாயிறன்று சொன்னீர்கள். அஸ்திவாரம் தரைத்தளத்தோடு ஒரு மாடியைத் தாங்கும்படிதான் போடப்பட்டிருக்கிறது. மாடிப்படியும் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. இவ்விரண்டுக்கும் கூடுதல் செலவு இல்லை.

செலவு கூடுவது கூரைத்தளத்தில். சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டி முடித்தாகிவிட்டது, வெள்ளிக்கிழமை கான்கிரீட். குளியலறை வரும் 8க்கு 5 அடி இடத்தைத் தளத்திலிருந்து 9 அங்குலம் பள்ளமாக இறக்க வேண்டும். அப்போதுதான் கழிவுக் குழாய் தரைக்கு அடியில் வாட்டத்தோடு போகும். அதற்கு அங்கே சென்ட்ரிங்கைப் பிரித்து மறுபடி அடித்து, புதிதாக இரண்டு பீம் சேர்க்க வேண்டும். தூண் கம்பிகளும் இப்போது தளத்தோடு முடிகின்றன. மேலே தூண் எழுப்ப, 12 மி.மீ. கம்பி குறைந்தது 600 மி.மீ. வெளியே நீண்டிருக்க வேண்டும்.

இந்த முன்னேற்பாட்டுக்கு மட்டும்: திருத்திய ஸ்ட்ரக்சுரல் வரைபடம் ரூ.8,000, கம்பி 150 கிலோ ரூ.10,200, கான்கிரீட் ரூ.5,000, சென்ட்ரிங், கம்பி வேலைக் கூலி ரூ.14,000, குழாய் ஸ்லீவ், வாட்டர்புரூஃபிங் ரூ.9,800. மொத்தம் ரூ.47,000.

முதல் வழி, இப்போதே மாடியையும் கட்டி முடிப்பது. அஸ்திவாரச் செலவு இல்லாததால் சதுர அடி ரூ.2,150 வீதம் ரூ.6,88,000; முன்னேற்பாட்டோடு ரூ.7,35,000. வேலை பத்து வாரம் நீளும். திருத்திய வரைபட அனுமதி தேவை. அதன் கட்டணம் ரசீதுப்படி தனி. வங்கிக் கடனில் கட்டுவதால் மேலாளரிடம் முதலில் பேசிவிடுங்கள்.

இரண்டாவது, ரூ.47,000 முன்னேற்பாட்டை மட்டும் செய்துவிட்டு, அனுமதி பெற்று, வசதிப்படும்போது கட்டுவது. பள்ளத்தைச் செங்கல் ஜல்லி போட்டுத் தற்காலிகமாக மூடுவோம். நீட்டிய கம்பிகளுக்குச் சிமெண்ட் பால் பூசி, மெலிந்த கலவையால் மூட வேண்டும். திறந்தே விட்டால் மழையில் துருப்பிடித்து, பிறகு பயன்படாது. இந்த மூடும் வேலைக்குத் தனியாக வாங்கமாட்டோம்.

மூன்றாவது, பழைய திட்டப்படியே முடிப்பது. கூடுதல் செலவு இல்லை. ஆனால் பின்னால் மாடி கட்டினால் தூணில் துளையிட்டு ரசாயனப் பசையால் கம்பி பதிக்க வேண்டிவரும். குளியலறைத் தரையும் அறையைவிட 9 அங்குலம் உயரும். வயதான அம்மா அங்கே தங்கப் போவதாகச் சொன்னீர்கள், அந்தப் படி அவருக்கு ஆபத்து.

கடன் தொகை உறுதியாகாத நிலையில் இரண்டாவது வழியையே பரிந்துரைக்கிறேன்.

புதன் மாலைக்குள் எந்த வழி என்று எழுத்தில் தெரிவியுங்கள். முதல் இரண்டு வழிகளில் எதுவானாலும் ரூ.47,000 அப்போதே தேவை. கான்கிரீட் அடுத்த செவ்வாய்க்குத் தள்ளிப்போகும், அந்த நான்கு நாள் சென்ட்ரிங் வாடகை எங்கள் பொறுப்பு. புதனுக்கு மேல் முடிவு தாமதமானால் நாளுக்கு ரூ.1,500 வாடகை உங்கள் கணக்கில் சேரும். உங்கள் ஒப்புதல் இல்லாமல் சென்ட்ரிங்கைத் தொடமாட்டோம்.

இப்படிக்கு,
கட்டுமானப் பொறியாளர், மதுரை